மோலார் நிறைக்கு ஒரு ஷீட்: ரொம்ப நாள் பயன்படுத்திய அனுபவம்

மேலூரில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். அவர்கள் பள்ளி ஒர்க்‌ஷீட்டை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்புவார்கள். ஒரு பக்கம் அணு நிறை அட்டவணை, கீழே சேர்மங்களின் பட்டியல். விடை சரிபார்க்க போனிலேயே ஒரு ஷீட் வைத்திருக்கிறேன். முதல் வரிசையில் தனிமங்களின் குறியீடு, இரண்டாவதில் அணு நிறை, மூன்றாவதிலிருந்து சேர்மத்துக்கு ஒரு வரிசை. கட்டங்களில் அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் நிரப்பினால் போதும்.

```
=SUMPRODUCT($B$2:$H$2,B3:H3)
```

இதில் எனக்குப் பிடித்ததே, வாய்பாட்டை அது தானாகப் படிக்காது என்பதுதான். அணுக்களை நாமே எண்ண வேண்டும். தப்பு நடப்பதும் அங்கேதான். மயில்துத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். CuSO4·5H2O என்பதில் நடுப்புள்ளி, கைமாறி வந்த படத்தில் கீழே இறங்கி சாதாரணப் புள்ளியாகிவிடும். CuSO4.5H2O என்று தெரிந்தால் ‘நாலரை ஆக்சிஜனா சார்?’ என்று கேட்கிறார்கள். புள்ளி புரிந்தவர்களிலும் சிலர் 5-ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் பெருக்கிவிட்டு 185.5 என்று வந்து நிற்பார்கள். அந்த 5 முழு நீர் மூலக்கூறுக்கும் உரியது. Cu 63.5, S 32, O 16, H 1 என்று அட்டவணை தந்தால், உப்புக்கு 63.5 + 32 + 64 = 159.5, ஐந்து நீருக்கு 5 × 18 = 90, ஆக 249.5 கி/மோல்.

இதற்காகவே கடைசியில் மொத்த அணுக்களைக் கூட்டும் கட்டம் ஒன்றைச் சேர்த்தேன். மயில்துத்தத்துக்கு அதில் 21 வர வேண்டும். Al2(SO4)3-க்கு 17. அடைப்புக்குறி மங்கி Al2SO43 போலத் தெரியும் படத்தைப் பார்த்து ஆக்சிஜன் கட்டத்தில் 43 போட்டால் 46 அணுக்கள் வரும், நிறையும் 342-க்குப் பதில் 774 ஆகிவிடும். அப்படி ஒரு எண்ணைக் கண்டதும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றும்.

ஆனால் ஒரு இடத்தில் இந்த ஷீட் கைவிட்டுவிடும். CoCl2, COCl2 இரண்டும் மங்கலான படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது கோபால்ட் குளோரைடு, இரண்டாவது ஃபாஸ்ஜீன். குளோரின் 35.5, கோபால்ட் 58.9 என்றால் முதலாவதற்கு 129.9, இரண்டாவதற்கு 99. எதைப் போட்டாலும் ஷீட் மறுபேச்சில்லாமல் கூட்டித் தந்துவிடும். அப்போது நான் பார்ப்பது அட்டவணையைத்தான். கோபால்ட்டே அதில் இல்லையென்றால் பெரும்பாலும் ஃபாஸ்ஜீன். இருந்தால் பக்கத்து எழுத்துகளோடு அந்த ‘o’வின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது தெளிவான படம் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம், இரண்டாவது வரிசையை ஒவ்வொரு ஒர்க்‌ஷீட்டுக்கும் புதிதாக நிரப்புகிறேன். தாமிரம் 64 என்று கொடுத்திருந்தால் மயில்துத்தத்துக்கு விடை 250, அதில் 249.5 எழுதுவதும், நுணுக்கமான மதிப்புகளைப் போட்டு 249.68 எழுதுவதும் அந்தத் தாளுக்குப் பொருந்தாது. விடைத்தாள் இப்படிச் சற்றே விலகியிருந்தால் முதலில் அட்டவணையைத்தான் ஒத்துப்பார்ப்பேன். பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.