சென்ட்ரிஃபியூஜ் கேலிபிரேஷனில் 7,080 ரூபாய் போச்சு, லேப் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது சின்ன லேப், இரண்டு சென்ட்ரிஃபியூஜ். வருடாந்திர கேலிபிரேஷனுக்கு ஆட்களைப் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் தேடினேன். இரண்டுக்கும் சேர்த்து 6,000, ஜி.எஸ்.டி.யோடு 7,080 ரூபாய். முன்பணமாகவே கட்டினேன்.

வந்தவர் பெட்டியைத் திறந்து டேக்கோமீட்டரை எடுத்தார். நான் கேட்பதற்கு முன்பே அந்த டேக்கோமீட்டருக்கான கேலிபிரேஷன் சர்டிஃபிகேட்டை நீட்டினார். "பாத்துக்கோங்க மேடம், எல்லாம் பக்காவா இருக்கும்" என்றார். அந்த இடத்தில்தான் நம்பிவிட்டேன். டீ சொல்லிவிட்டு, காத்திருந்த பெரியவருக்கு ரத்தம் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு மெஷினிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மறுநாள் மெயிலில் சர்டிஃபிகேட் வந்தது: 3,000 ஆர்.பி.எம். வைத்தால் 3,001 ஓடுகிறதாம்.

மூன்று வாரம் கழித்து எங்கள் டெக்னீஷியன் தம்பி ஒரு ட்யூபைக் கொண்டுவந்து காட்டினான். சிட்ரேட் பிளாஸ்மா கலங்கலாக இருந்தது. அதையே செல் கவுண்டரில் போட்டோம். ஏ.பி.டி.டி. பார்க்கும் பிளாஸ்மாவில் பிளேட்லெட் மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே இருக்க வேண்டும். வந்தது 38,000.

தெரிந்த பயோமெடிக்கல் இன்ஜினியரிடம் ஒரு டேக்கோமீட்டர் வாங்கி வந்தேன். ரோட்டரின் மேல், மையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரே ஒரு பளபள டேப் துண்டு ஒட்ட வேண்டும். இரண்டு ஒட்டினால் இரு மடங்கு காட்டும். எதிரெதிரே தண்ணீர் நிரப்பிய ட்யூப்களை வைத்து, மூடியை மூடி, மூடியில் உள்ள கண்ணாடி வழியாக ஒளியை அந்த டேப்பின் மேல் விழச் செய்தேன். 6,000 என்று காட்டியது! பதறிவிட்டேன். அப்புறம்தான் இன்ஜினியர் போனில் சொன்னார்: நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும், நிமிடத்துக்கு 6,000, கருவி அதைத்தான் எண்ணுகிறது என்று. லைட்டை அணைத்துப் பார்த்தேன். 2,410. மூன்று முறையும் அதே அளவுதான், மெஷின் டிஸ்பிளேயில் மட்டும் 3,000. அந்த டிஸ்பிளே காட்டுவது நாம் வைத்த எண்ணை, ஓடும் வேகத்தை அல்ல.

வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் விசையும் அவ்வளவுதான் குறையும் என்று நினைக்காதீர்கள். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எங்கள் ரோட்டரின் ஆரம் 15 செ.மீ. 3,000-இல் சுமார் 1,500 ஜி வரும், 2,410-இல் 975 ஜிதான். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்ததுதான் காரணம். மாற்றியதும் 2,980 வந்தது.

இன்னொரு மெஷினில் திருகு டைமர். 15 நிமிடம் வைத்து ஸ்டாப்வாட்ச் பிடித்தேன், 12 நிமிடம் 40 நொடியில் நின்றுவிட்டது. சர்டிஃபிகேட்டில் 15 நிமிடம் 2 நொடி!

அப்போதுதான் உறைத்தது. அவர் 10 நிமிடம், 15 நிமிடம் என இரண்டு அளவில் டைமரைச் சோதித்ததாக எழுதியிருக்கிறார். இரண்டு மெஷினையும் ஒன்றாக ஓட்டினாலும் அதற்கே 25 நிமிடம் ஆகும். எங்கள் வருகைப் பதிவேட்டில் அவர் உள்ளே வந்தது 11.10, வெளியேறியது 11.30. அதில் டீயும் குடித்திருக்கிறார்.

போன் செய்தேன். முதல் நாள், "உங்க டேக்கோமீட்டர் சரியில்ல மேடம்." அடுத்த நாள், "நாங்க லோடு இல்லாம பாத்தோம்." மூன்றாம் நாள், "அன்னைக்கு சரியா இருந்துச்சு, அதுக்கப்புறம் எங்க பொறுப்பு இல்ல." தளத்தின் கஸ்டமர் கேர், "நாங்க அறிமுகம் மட்டும்தான் பண்ணித் தர்றோம்" என்று முடித்துக்கொண்டது. 7,080 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை.

பணத்தை விட வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. உடனே பார்க்கும் பி.டி.யில் மிஞ்சிய பிளேட்லெட்டால் பெரிய மாற்றம் வராது. ஹெப்பாரின் போடும் நோயாளிக்கு அப்படி இல்லை. பிளேட்லெட்டிலிருந்து கசியும் ஒரு புரதம் ஹெப்பாரினை மடக்கிவிடும், ஏ.பி.டி.டி. குறைவாகத் தெரியும், டாக்டர் டோஸைக் கூட்டக்கூடும். பக்கத்து நர்சிங் ஹோமில் அப்படி இரண்டு பேர். டாக்டருக்கு நானே போன் செய்து, புதிதாக ரத்தம் எடுத்து மறுபடி பார்த்துக் கொடுத்தேன்.

அவசரமாகச் சொல்கிறேன். வருபவர் பக்கத்தில் நின்று பாருங்கள். டேப் ஒட்டவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். டைமர் அளவுகளைக் கூட்டி, அவர் உள்ளே இருந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் என்று சொன்னால், அதில் சுழற்சி வேக அளவீடு இருக்கிறதா என்று என்.ஏ.பி.எல். இணையதளத்தில் பாருங்கள், நான் பார்க்கவில்லை. முன்பணம் வேண்டவே வேண்டாம். இரண்டு ஸ்டிக்கரையும் இன்று காலை கிழித்துவிட்டேன், சர்டிஃபிகேட்டை மட்டும் நுகர்வோர் புகாருக்காக வைத்திருக்கிறேன்.