தனித்தனிக் குளிசை, இரண்டு சேர்ந்த குளிசை, மூன்று சேர்ந்த குளிசை: மலையில் வேலை செய்பவருக்கு எது சரிவரும்?

கொழுந்து பறிக்கும் 54 வயதுப் பெண் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கிளினிக் கொப்பியில் பிரஷருக்காக அவருக்கு எழுதியிருப்பது லொசார்டன் 50 மி.கி. காலையும் மாலையும், அம்லோடிபின் 5 மி.கி. இரவில், ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 மி.கி. காலையில். நாளுக்கு நான்கு குளிசை, மூன்று நேரம். மருந்துத் தெரிவில் பிழையில்லை. ஆனால் கிளினிக்கில் பிரஷர் பார்த்தால் 158/96.

காரணம் மூன்றாவது குளிசை. ஹைட்ரோகுளோரோதயசைட் விழுங்கி 2 மணி நேரத்தில் சிறுநீர் போகத் தொடங்கும், ஏறக்குறைய 4 மணி நேரத்தில் உச்சத்தில் நிற்கும். காலையில் விழுங்கினால் அந்த உச்சம் வருவது மலை நடுவில், மலசலகூடம் இல்லாத இடத்தில். அதனால் வேலை நாளில் அதை விட்டுவிடுகிறார். மாலை லொசார்டனும் சமையல் அவசரத்தில் தப்பிப்போகிறது. இது தெரியாமல் அம்லோடிபினை 10 மி.கி. ஆக்கினால் கணுக்கால் வீங்கும் வாய்ப்புக் கூடுகிறது. வீங்கினால் அதையும் நிறுத்திவிடுவார்.

இங்கேதான் சேர்ந்த குளிசையின் வேலை. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட, வேறு வகை மருந்தைக் குறைந்த அளவில் சேர்ப்பது பிரஷரை மிக அதிகமாக இறக்கும். பக்கவிளைவும் குறைவு. லொசார்டன் வகையைச் சேர்ந்த டெல்மிசார்ட்டன் போன்ற மருந்து கூட இருந்தால் அம்லோடிபினால் வரும் கால் வீக்கமும் தணியும். இதை இலங்கையிலேயே சோதித்திருக்கிறார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் 700 பேர். டெல்மிசார்ட்டன் 20, அம்லோடிபின் 2.5, சிறுநீர் போக்கும் குளோர்தலிடோன் 12.5 மி.கி. மூன்றும் சேர்ந்த குளிசையில் தொடங்கியவர்களில் 70 சதவீதத்தினர் 6 மாதத்தில் இலக்கை எட்டினார்கள். வழமையான சிகிச்சையில் 55 சதவீதம். ஆய்வில் சேர்ந்தவர்கள் அதுவரை மருந்தே எடுக்காதவர்கள் அல்லது ஒரே மருந்தில் இருந்தவர்கள். ஆகவே அந்த வெற்றி ஒரே குளிசை என்பதால் மட்டுமல்ல, தொடக்கத்திலேயே மூன்று மருந்து கிடைத்ததாலும் வந்தது.

அப்படியானால் இந்தப் பெண்ணுக்கும் மூன்று சேர்ந்ததே கொடுக்கலாமா? நமது கருத்தில் முதலில் வேண்டாம். தனித்தனியாக இருந்தபோது சிறுநீர் போக்கும் குளிசையை மட்டும் விட்டார்; மூன்றும் ஒன்றானால் அதற்குப் பயந்து மூன்றையுமே விடுவார். டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த ஒரு குளிசையை இரவுச் சாப்பாட்டோடு கொடுத்து, 4 வாரத்தில் பிரஷர் பார்ப்பதே நல்லது. நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 2022இல் வெளியான பெரிய பிரித்தானிய ஆய்வில், காலையில் விழுங்கியவர்களுக்கும் மாலையில் விழுங்கியவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இருக்கவில்லை. ஒழுங்காக விழுங்கியும் 140/90க்குக் கீழே வராவிட்டால் மூன்று சேர்ந்ததற்குப் போகலாம். அதை வேலை முடிந்து வந்தவுடன் எடுத்தால் சிறுநீர் அதிகமாகப் போகும் நேரம் வீட்டில் இருக்கும்போதே கழியும். மாறிய சில வாரங்களில் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

தனித்தனிக் குளிசைக்கும் இடம் உண்டு. சிறுநீரகம் பழுதடைந்து அளவை அடிக்கடி மாற்ற வேண்டியவருக்கும், எந்த மருந்து ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டியவருக்கும் அதுவே வசதி. கர்ப்பிணிக்கும், கர்ப்பம் தரிக்க நினைப்பவருக்கும் லொசார்டன், டெல்மிசார்ட்டன் இரண்டும் ஆகாது. சேர்ந்த குளிசைக்குள் அவை ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வயிற்றோட்டமும் வாந்தியும் வந்த நாளில் மூன்று சேர்ந்ததை வழக்கம்போல் விழுங்கினால் பிரஷர் மிகவும் இறங்கி, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். எழும்பும்போது தலை சுற்றுவதும், சிறுநீர் குறைவதும் அதன் அடையாளம். உடனே வைத்தியரிடமோ தோட்ட வைத்திய உதவியாளரிடமோ கேட்டு, சரியாகும்வரை நிறுத்தவேண்டி வரும்.

மலைநாட்டில் இன்னொரு சிக்கல் ஈரம். டெல்மிசார்ட்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு வாரத்துக்கானதைக் கார்டிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. விழுங்கும் நேரத்தில்தான் உடைக்க வேண்டும்.

மாறும் நாளில் நடக்கும் பெரிய பிழை, சேர்ந்ததைப் பாமசியில் வாங்கிக்கொண்டு, வீட்டில் மிஞ்சிய லொசார்டனையும் அம்லோடிபினையும் சேர்த்தே விழுங்குவது. வீட்டிலுள்ள எல்லாக் கார்டுகளையும் கிளினிக்குக் கொண்டுபோய், பழையதைக் கொப்பியில் வெட்டச் சொல்லுங்கள். புதியதைக் கம்பனிப் பெயரோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்தையும் அளவோடு எழுதச் சொல்லுங்கள். சேர்ந்த குளிசை கிடைக்காத மாதத்தில், அந்த வரியைக் காட்டினால் அதே மருந்துகளை அதே அளவில் தனித்தனியாகத் தரமுடியும். ஒரு நாளும் இடையில் விடுபடாது.