ஷட் டவுன் செய்தும் போகாத கோளாறு ரீஸ்டார்ட்டில் போவது எப்படி?

அக்காவின் விண்டோஸ் மடிக்கணினி மெதுவாகிக்கொண்டே வந்தது. பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறியது. "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியாக்கா?" என்று கேட்டேன். "தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணித்தானே மூடி வைக்கிறேன், அதைவிடவா ரீஸ்டார்ட் பெரிசு?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, Performance பக்கத்தில் CPU-வைச் சொடுக்கிப் பார்த்தபோது, Up time என்ற இடத்தில் 19:04:12:33 என்று இருந்தது. முதல் எண் நாட்களைக் குறிக்கும். தினமும் அணைக்கப்பட்ட கணினி, 19 நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

அந்த எண் பொய் சொல்லவில்லை. ஸ்லீப், ஹைபர்நேட், ஷட் டவுன், ரீஸ்டார்ட் நான்கையும் ஒப்பிட "எது எவ்வளவு நேரம் எடுக்கும்" என்பதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. மறுபடி திரை ஒளிரும்போது, பழைய நினைவில் எது மிச்சமிருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஸ்லீப்பில் எல்லாமே மிச்சமிருக்கும். தற்காலிக நினைவகமான ராமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், மற்றவை ஓய்வெடுக்கும். திறந்து வைத்த கோப்பு, பாதி தட்டிய வரி எல்லாம் அப்படியே இருக்கும். ஓரிரு விநாடியில் எழுந்துவிடும். பேட்டரி தீர்ந்துபோனால் மட்டும் சேமிக்காத வேலை போய்விடும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஸ்லீப் என்பது முழுத் தூக்கம்கூட இல்லை. அவ்வப்போது விழித்து நெட்டைத் தொட்டுவிட்டுப் படுக்கும். பைக்குள் வைத்த கணினி சூடாக இருப்பதற்கு இது ஒரு காரணம். உங்களுடையது எந்த வகை என்று `powercfg /a` என்ற கட்டளை சொல்லிவிடும்.

ஹைபர்நேட்டிலும் எல்லாமே மிச்சம்தான், ஆனால் இருக்கும் இடம் வேறு. ராமில் இருப்பதை C டிரைவில் `hiberfil.sys` என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிடும். பேட்டரி கரையாது, வாரக்கணக்கில் கிடந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பதிலுக்கு வட்டில் கொஞ்சம் இடம் போகும். இன்றைய விண்டோஸ் இதற்கு வழக்கமாக ராமின் அளவில் 40 சதவீதம் ஒதுக்குகிறது. 8 ஜிபி ராம் என்றால் சுமார் 3.2 ஜிபி.

இவை இரண்டும் பெயருக்கு ஏற்றபடிதான் நடக்கின்றன. பெயரும் செயலும் பிரிவது ஷட் டவுனில்தான்.

2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஹைபர்நேட் இயங்கக்கூடிய பெரும்பாலான கணினிகளில், நாம் எதையும் தொடாமலேயே இது இயக்கத்தில் இருக்கும். அப்போது ஷட் டவுனை அழுத்தினால் என்ன நடக்கிறது? முதலில் நம் புரோகிராம்கள் மூடப்பட்டு, நம் கணக்கு வெளியேற்றப்படுகிறது. இதுவரை உண்மையான ஷட் டவுன். அதன்பின், விண்டோஸின் அடித்தளமான கெர்னல், சாதனங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் வைத்திருக்கும் நினைவு, பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் ஆகியவை மூடப்படுவதில்லை. அவை மட்டும் ஹைபர்நேட் ஆகின்றன. மறுநாள் பவர் பட்டனை அழுத்தும்போது கெர்னல் புதிதாகத் தொடங்குவதில்லை, நேற்றைய கெர்னல் கோப்பிலிருந்து ராமுக்குத் திரும்புகிறது. மேலே லாகின் திரை புதிது, கீழே இருப்பதெல்லாம் பழையது. அக்காவின் 19 நாள் இப்படிச் சேர்ந்ததுதான்.

ரீஸ்டார்ட்டுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. அப்டேட்டையோ டிரைவரையோ போட்டபின், புதிய கோப்புகளை வைத்துக் கணினி அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் ரீஸ்டார்ட்டே செய்கிறோம். பழைய கெர்னலைத் திரும்பக் கொண்டுவந்தால் அந்த நோக்கமே கெட்டுவிடும். அதனால் சர்வீஸ்கள் நிறுத்தப்படும், கெர்னல் முடிந்துபோகும், பிராசசர் ரீசெட் ஆகும், ஒவ்வொரு டிரைவரும் வட்டிலிருந்து புதிதாக ஏற்றப்பட்டுத் தன் சாதனத்தை முதலிலிருந்து தயார்செய்யும். ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட் முழுமையானது என்ற விசித்திரம் இதனால்தான்.

சரி, அந்த அடித்தளத்தில் அப்படி என்ன கெட்டுப்போகிறது? அக்காவின் கணினியிலேயே பார்க்கலாம். 8 ஜிபி ராமில் 6 ஜிபிக்கு மேல் பயன்பாட்டில் இருந்தது. ஆனால் Processes பட்டியலில் இருந்தவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த அளவு வரவே இல்லை. பிரவுசரை மூடியும் பெரிதாகக் குறையவில்லை. அந்த மாதிரி நேரத்தில் பார்க்க வேண்டியது Memory பக்கத்தின் அடியில் இருக்கும் Non-paged pool என்ற எண்ணை. கெர்னலும் டிரைவர்களும் தங்களுக்கென எடுத்துக்கொள்ளும் நினைவு அது. அதை வட்டுக்குத் தள்ளிவைக்க முடியாது, ராமிலேயே இருந்தாக வேண்டும். சாதாரணமாகச் சில நூறு எம்பி இருக்கும். அங்கே 2.1 ஜிபி இருந்தது.

ஒரு டிரைவர் வேலைக்காக நினைவைக் கேட்டு வாங்குகிறது, முடிந்ததும் திருப்பித் தர மறந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான், ஆனால் நாள்தோறும் சேர்கிறது. சாதாரணப் புரோகிராம் இப்படிச் செய்தால், அதை மூடியதும் விண்டோஸ் எல்லாவற்றையும் மீட்டுவிடும். டிரைவர் எடுத்தது கெர்னலின் கணக்கில் இருப்பதால், அதை வெளியிலிருந்து யாரும் மீட்க மாட்டார்கள். கெர்னல் முடிந்தால்தான் அந்தக் கணக்கு அழியும். ஷட் டவுன் செய்யும்போது அந்தக் கணக்கும் பத்திரமாகக் கோப்பில் எழுதப்பட்டு மறுநாள் திரும்பி வந்தது. ரீஸ்டார்ட் செய்து பார்த்தோம், Non-paged pool 310 எம்பிக்கு இறங்கியது. Up time பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

நினைவுக் கசிவு மட்டும் இல்லை. பிரிண்ட் சர்வீஸ் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு நிற்பது, புளூடூத் டிரைவர் தன் சாதனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தப்பாக நம்பிக்கொண்டிருப்பது போன்றவையும் இதே இடத்தில்தான் தங்குகின்றன. ஒரு மென்பொருள் தப்பான நிலைக்குப் போய்விட்டால், அங்கிருந்து வெளியே வரும் வழியைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் தொடக்க நிலையிலிருந்து இயங்கும் வழி எழுதப்பட்டு, பலமுறை சோதிக்கப்பட்டிருக்கும். ரீஸ்டார்ட் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதில்லை. கோளாறு இருந்த நிலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சோதிக்கப்பட்ட பாதைக்கு எல்லாவற்றையும் அழைத்து வருகிறது. அதனால்தான் வட்டில் கெட்டுப்போன கோப்பு, பழுதான ராம் சில்லு போன்றவற்றுக்கு அது மருந்தே ஆகாது.

உங்கள் கணினி உண்மையில் எப்படித் தொடங்கியது என்று சந்தேகம் இருந்தால், பவர்ஷெல்லில் இதைக் கொடுங்கள்:

```
Get-WinEvent -FilterHashtable @{LogName='System'; ProviderName='Microsoft-Windows-Kernel-Boot'; Id=27} -MaxEvents 5
```

ஒவ்வொரு வரியிலும் boot type என்று ஓர் எண் வரும். 0x0 என்றால் முழுத் தொடக்கம், 0x1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், 0x2 என்றால் ஹைபர்நேட்டிலிருந்து திரும்பியது.

ரீஸ்டார்ட்டே தோற்கும் இடமும் ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொள்வது நல்லது. வைஃபை கார்டு, யூஎஸ்பி டாக் போன்ற சாதனங்களுக்குள்ளும் சின்ன பிராசசரும் அதற்கென மென்பொருளும் இருக்கின்றன. ரீஸ்டார்ட்டின்போது அவற்றுக்கு மின்சாரம் பெரும்பாலும் நிற்காது. அவை உள்ளே உறைந்துபோயிருந்தால், விண்டோஸ் புதிதாய் வந்தும் பழைய உறைந்த சாதனத்தையே சந்திக்கும். ரீஸ்டார்ட் ஆனபின்னும் வைஃபை காணவில்லை என்றால் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அப்போது தேவை முழு ஷட் டவுன், கூடவே மின்சாரமும் போக வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே Shut down-ஐச் சொடுக்கினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அந்த ஒருமுறை தவிர்க்கப்படும். கட்டளையாகத் தரலாம் என்றால்:

```
shutdown /s /t 0
```

திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுக் கொடுங்கள், இது உடனே அணைக்கும். பின் சார்ஜரையும் இணைத்திருக்கும் சாதனங்களையும் பிடுங்கிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். ஷிஃப்டோடு Restart-ஐத் தொட்டுவிட்டால் மட்டும் நீலநிறப் பழுதுபார்ப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், Continue கொடுத்தால் விண்டோஸுக்குத் திரும்பிவிடும்.

அப்படியென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடலாமா? சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில் அது மிச்சப்படுத்தும் நேரம் பெரிது, வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யலாம். எஸ்எஸ்டி இருந்தால் வித்தியாசம் சில விநாடிகள்தான், அணைப்பதே மேல் என்பேன். அதே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் அணைக்க வேண்டும். விண்டோஸ் பாதி உறங்கும் நிலையில் விட்டுப்போன டிரைவில் லினக்ஸ் எழுத மறுக்கும், வற்புறுத்தி எழுதினால் கோப்புகள் கெடலாம். கண்ட்ரோல் பேனலில் Power Options, அதில் Choose what the power buttons do, அப்புறம் Change settings that are currently unavailable என்று போனால் Turn on fast startup என்ற பெட்டி இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தால் போதும். `powercfg /h off` கொடுத்தாலும் அணையும், ஆனால் ஹைபர்நேட்டும் சேர்ந்து போய்விடும்.

அக்காவின் கணினியில் எஸ்எஸ்டி இருந்ததால் டிக்கை எடுத்தோம். அது போதாது என்று தெரியும். பகலில் அவள் ஸ்லீப்பில்தான் வைப்பாள், கசிவு அங்கேயும் தொடரும். ராத்திரியும் ஷட் டவுன் செய்யாமல் ஸ்லீப்பிலேயே விட்டுப் பார்த்தோம், நாலாம் நாளே Non-paged pool 700 எம்பியைத் தாண்டிவிட்டது. மைக்ரோசாஃப்ட் தரும் `poolmon` என்ற கருவியை ஓடவிட்டோம். எந்த நான்கெழுத்துக் குறியின் பேரில் நினைவு சேர்கிறது என்று அது காட்டும். அந்தக் குறியை டிரைவர் கோப்புகளுக்குள் தேடியபோது, அலுவலக வேலைக்காகப் போட்டிருந்த ஒரு விபிஎன் மென்பொருளின் நெட்வொர்க் டிரைவர் அகப்பட்டது. அதன் புதிய பதிப்பைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தோம். 12 நாள் கழித்து, இடையில் ஸ்லீப் மட்டுமே செய்திருந்த நிலையில், அந்த எண் 340 எம்பியில் நின்றது.