நுண்ணோக்கியைச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்களுக்கு: கார்டில் 25, 10, 2.5, 1 என்று இருந்தால் நம்பாதீர்கள்

வட சென்னையில் கல்லூரி ஆய்வகம், ரத்தப் பரிசோதனை நிலையம், மீன்வளம் சார்ந்த ஆய்வு என்று நுண்ணோக்கி வைத்து செல்களை அளப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவு. ராயபுரம் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்குக் கடல் காற்று நேராக வரும். லென்ஸிலும் ப்ரிசத்திலும் பூஞ்சை பிடிப்பது இங்கே வழக்கம். எங்கள் இரட்டைக் கண் நுண்ணோக்கியின் தலைப்பகுதியில், அதாவது ஐபீஸ்கள் செருகும் மேல் பாகத்தில், பூஞ்சை ஏறிப் பிம்பம் மங்கியதால் சர்வீஸுக்குக் கொடுத்தோம். பில்லில் சுத்தம் செய்ததற்கு ஒரு தொகை, "மைக்ரோமீட்டர் காலிபிரேஷன்" என்று தனியாக 1,800 ரூபாய். கூடவே லேமினேட் செய்த ஒரு கார்டு. 4 எக்ஸில் ஒரு பிரிவு 25 மைக்ரான், 10 எக்ஸில் 10, 40 எக்ஸில் 2.5, 100 எக்ஸில் 1. அவ்வளவுதான்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் விஷயமே. ஐபீஸுக்குள் போடும் கண்ணாடி வட்டில், ஆக்குலர் மைக்ரோமீட்டர் அல்லது கிராட்டிக்யூல் என்று சொல்கிறோமே, அதில் பொதுவாக 10 மில்லிமீட்டர் நீளத்தை 100 ஆகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிரிவு 100 மைக்ரான். அதை ஆப்ஜெக்டிவின் எண்ணால் வகுத்தால் 25, 10, 2.5, 1 வந்துவிடும். நுண்ணோக்கியைத் தொடவே வேண்டாம், மனக்கணக்கே போதும். ஆனால் 40 என்று பொறித்த ஆப்ஜெக்டிவ் அச்சாக 40 மடங்கு பெரிதாக்குவதில்லை, கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். ஆப்ஜெக்டிவுக்கும் ஐபீஸுக்கும் நடுவில் இருக்கும் தலைப்பகுதியும் தன் பங்குக்குப் பெரிதாக்கலாம். அதனால்தான் நிஜமான அளவுகோல் ஒன்றை மேடையில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் முதுகலை மாணவி ஒருவர் எண்ணூர் முகத்துவாரத்தில் எடுத்த நீரில் டயட்டம் என்ற நுண்பாசியின் செல்களை அளந்துகொண்டிருந்தார். காஸ்கினோடிஸ்கஸ் போன்ற டயட்டங்களின் விட்டம் பல மடங்கு வேறுபடும். அதனால் அளவு தப்பாக இருந்தாலும் எண்ணைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய பழைய அளவுகளும் சர்வீஸுக்குப் பிந்தைய அளவுகளும் ஒத்துப்போகவில்லை என்பதால் நிலையான மனித ரத்த ஸ்லைடு ஒன்றை எடுத்து வைத்தோம். உலர்ந்த பூச்சில் சிவப்பணுவின் விட்டம் ஏழு, ஏழரை மைக்ரான் பக்கம் இருக்கும். 40 எக்ஸில் பல அணுக்களைப் பார்த்ததில் சராசரியாக 3.6 பிரிவு வந்தது. கார்டின்படி பெருக்கினால் 9 மைக்ரான். இது துல்லியமான சோதனை இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று சொல்ல இது போதும்.

பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை இரவல் வாங்கினோம். ஸ்லைடு நடுவில் 1 மில்லிமீட்டர் கோடு, 100 பிரிவு, ஒவ்வொன்றும் 10 மைக்ரான். முதலில் ஐபீஸின் கண் லென்ஸைத் திருப்பி ஆக்குலர் கோடுகளைக் கூர்மையாக்க வேண்டும். அப்புறம் 10 எக்ஸில் ஸ்டேஜ் கோட்டைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்து, ஐபீஸைச் சுழற்றி இரண்டு அளவுகோலையும் இணையாக்கி, இரண்டின் பூஜ்ஜியத்தையும் ஒன்றாக நிறுத்த வேண்டும். தலையை லேசாக அசைத்தால் ஒன்று மற்றதன் மேல் நகரக் கூடாது. நகர்ந்தால் ஃபோகஸ் இன்னும் சேரவில்லை. பிறகு பூஜ்ஜியத்திலிருந்து முடிந்த அளவு தூரத்தில் கோடும் கோடும் சரியாகப் பொருந்தும் இடத்தைத் தேட வேண்டும். பக்கத்திலேயே பொருந்தும் இடத்தை எடுத்துக்கொண்டால் பிழை பெரிதாகும். 40 எக்ஸில் ஸ்டேஜ் கோடுகள் தடியாகத் தெரியும், அதனால் இரண்டு முனையிலும் கோட்டின் ஒரே பக்க விளிம்பைத்தான், உதாரணமாக இடது விளிம்பை, பிடிக்க வேண்டும்.

எங்களுக்கு வந்தது இது. 10 எக்ஸில் ஆக்குலரின் 100 பிரிவு ஸ்டேஜின் 80 பிரிவோடு பொருந்தியது. 800 மைக்ரானை 100 ஆல் வகுத்தால் ஒரு பிரிவு 8 மைக்ரான். 40 எக்ஸில் ஆக்குலர் 79, ஸ்டேஜ் 16. 160 ஐ 79 ஆல் வகுத்தால் 2.03. 4 எக்ஸில் ஸ்டேஜின் முழு மில்லிமீட்டரும் ஆக்குலரின் 50 பிரிவுக்குள் அடங்கியது, ஆக 20. சிவப்பணுவை 2.03 ஆல் பெருக்கினால் 7.3, சரியான இடத்துக்கு வந்துவிட்டது.

மூன்று ஆப்ஜெக்டிவிலும் கார்டின் எண்ணுக்கு ஏறக்குறைய 0.8 மடங்குதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு ஆப்ஜெக்டிவ் மட்டும் கெட்டிருந்தால் ஒன்றுதான் விலகும். எல்லாமே ஒரே விகிதத்தில் விலகினால் கோளாறு பொதுவான பாகத்தில்தான் இருக்க வேண்டும். தலைப்பகுதியைக் கழற்றித் திருப்பினோம். கழற்றினால் மட்டுமே தெரியும் இடத்தில் 1.25 எக்ஸ் என்று பொறித்திருந்தது. எங்கள் பழைய தலை 1 எக்ஸ். பூஞ்சையைச் சுத்தம் செய்யாமல் வேறொரு பழைய தலையைப் பொருத்தி, அதைச் சொல்லாமலே சுத்தம் செய்ததாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். 1 ஐ 1.25 ஆல் வகுத்தால் 0.8, கணக்கு அப்படியே பொருந்துகிறது.

நேரில் கேட்டபோது கடைக்காரர், "மேடம், நாற்பதுக்கு ரெண்டரைதான், எல்லா காலேஜுக்கும் அதான் எழுதித் தர்றோம்" என்றார். அவரிடம் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரே இல்லை. வாதாடிக் காலிபிரேஷன் பணத்தைத் திரும்ப வாங்கினேன். பழைய தலை எங்கே என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது அந்த மாணவியின் வேலையை நினைத்துத்தான். நீளத்தில் 2.5 க்கும் 2.03 க்கும் உள்ள வித்தியாசம் 1.23 மடங்கு. அவர் கணக்கிட்டது செல்லின் கன அளவு. அதில் விட்டம், உயரம் எல்லாம் சேர்ந்து பிழை மும்மடியாகி 1.87 மடங்கு ஆகிவிடும். முகத்துவாரத்தில் உண்மையில் இருக்கும் டயட்டத்தைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு இருப்பதாக ஆய்வேட்டில் போயிருக்கும். அவர் நோட்டில் மைக்ரானோடு சேர்த்துப் பிரிவு எண்ணிக்கையையும் எழுதி வைத்திருந்ததால் மறுபடி அளக்காமல் 2.03 ஆல் பெருக்கி மீட்டோம். மைக்ரான் மட்டும் எழுதியிருந்தாலும் 2.5 ஆல் வகுத்து 2.03 ஆல் பெருக்கலாம், ஆனால் எந்தத் தேதிக்குப் பிறகு அந்தத் தலை வந்தது என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

காலிபிரேஷனுக்குப் பணம் கொடுக்கும் முன் கார்டில் பொருந்திய கோடுகளின் எண்ணிக்கை, "ஆக்குலர் 79, ஸ்டேஜ் 16" என்பது போல, இருக்கிறதா என்று பாருங்கள். நிஜமாக அளந்தவரிடம் அது இருக்கும். எந்த நுண்ணோக்கி, எந்த ஐபீஸ், என்ன தேதி என்பதும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஐபீஸையோ தலையையோ மாற்றினால் அந்த எண் செல்லாது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே தலை, ஆப்ஜெக்டிவ் எல்லாவற்றின் பொறிப்பையும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் இருந்தால் எங்கள் ஆய்வகத்துக்கு நுண்ணோக்கியைக் கொண்டுவரலாம். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.