கிலோ ரேட்டா, கன அடி ரேட்டா? ஷார்ஜாவிலிருந்து தண்டையார்பேட்டைக்கு இரண்டு பெட்டி

ஷார்ஜாவில் வேலை செய்யும் என் சித்தி மகன், தண்டையார்பேட்டை வீட்டுக்குக் கப்பலில் இரண்டு பெட்டி போட ரேட் விசாரித்தான். ஒரு கார்கோ கடையில் கிலோவுக்கு 6 திர்ஹாம். இன்னொன்றில் கன அடிக்கு 48 திர்ஹாம். இரண்டுமே சென்னை கிளியரிங் சேர்த்து, வீட்டு வாசல் வரைக்கும். "எதுண்ணா சீப்?" என்று கேட்டான். மண்ணடியில் ஷிப்பிங் டாக்குமெண்ட் வேலை பார்க்கும் என்னிடம் நிறையப் பேர் கேட்பது இதைத்தான். உள்ளே என்ன சாமான் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் 48-ஐ 6-ஆல் வகுங்கள். 8 வரும். ஒரு கன அடி இடத்தில் 8 கிலோவுக்கு மேல் இருந்தால் கன அடி ரேட் லாபம், குறைவாக இருந்தால் கிலோ ரேட் லாபம். திர்ஹாம் கணக்கு கடைக்குக் கடை மாறும். இந்த வகுத்தல் மாறாது.

அவன் வாங்கிய அட்டைப்பெட்டி 24 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம். மூன்றையும் பெருக்கி 1728-ஆல் வகுத்தால் 4.5 கன அடி. அதை 8-ஆல் பெருக்கினால் 36 கிலோ. இந்தப் பெட்டிக்கு அதுதான் எல்லைக்கோடு. குக்கர், எவர்சில்வர் பாத்திரம், மிக்சி, பேரீச்சம்பழம் போட்ட பெட்டி 40 கிலோ வந்தது. கிலோ ரேட்டில் 240, கன அடியில் 216. கம்பளியும் பிள்ளைகளின் துணியும் போட்டது 16 கிலோதான். கிலோ ரேட்டில் 96, கன அடியில் அதே 216. கனமானதைக் கன அடிக் கடையில், லேசானதைக் கிலோக் கடையில் என்று பிரித்துப் போட்டால் மொத்தம் 312.

பாத்திர இடுக்கில் துணியைத் திணித்து, இரண்டையும் 28 கிலோவாகச் சமமாகக் கட்டுவதுதான் நம் வழக்கம். உடையாமல் வருவதற்கு அது நல்லது. ஆனால் அப்படிக் கட்டினால் கிலோ ரேட்டிலேயே 336 ஆகிவிடும். 24 திர்ஹாம் கூடுதல்.

மூன்றாவது வகைக் கடையும் உண்டு. எடை, அளவு இரண்டையும் பார்த்து, எது அதிகமோ அதை வாங்குவார்கள். அங்கே இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அதே ரேட்டில் பிரித்துக் கட்டினால் கனப்பெட்டிக்கு 240, லேசான பெட்டிக்கு 216, ஆக 456. கலந்து கட்டினால் 216 வீதம் 432. அதனால் சாமான் கட்டுவதற்கு முன்பே, "எது அதிகமோ அதுவா, இல்லை ஒரே ரேட்டா?" என்று கேட்டுவிட வேண்டும். கட்டி டேப் ஒட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

அளவு ரேட்டில் பணம் போவது பெரும்பாலும் பெட்டியின் வயிற்றில். அதிகம் திணித்தால் பக்கங்கள் உப்பும். அளக்கும் டேப்பை உப்பிய இடத்தில்தான் வைப்பார்கள், அது நியாயமும்கூட. நம் 24×18×18 பெட்டி 25×20×20 ஆனால் 5.8 கன அடி. 216 கொடுக்க வேண்டியது 278 ஆகிவிடும். மூடியை அழுத்தித்தான் ஒட்ட முடிகிறது என்றால் இரண்டு போர்வையை வெளியே எடுப்பதே மேல். அளக்கும்போது பக்கத்தில் நின்று, மூன்று அளவையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், "கன மீட்டர் ரேட் ரொம்பக் கம்மி" என்று சிலர் எல்.சி.எல். பக்கம் போகிறார்கள். பலருடைய சரக்கை ஒரே கண்டெய்னரில் சேர்த்து ஏற்றும் முறை அது. அங்கே 1 கன மீட்டர் அல்லது 1000 கிலோ, எது அதிகமோ அது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடையே 1000 கிலோ. வீட்டுச் சாமான் அவ்வளவு கனக்காது. அதனால் எடை பேச்சுக்கே வராது, அளவுதான். இரண்டு பெட்டியும் சேர்த்துக் கால் கன மீட்டர்தான் என்றாலும், குறைந்தபட்சம் 1 கன மீட்டருக்குக் காசு வாங்குவது வழக்கம்.

அந்த ரேட் துறைமுகம் வரைக்கும்தான். பெட்டி மணலி, மாதவரம் பக்கம் ஏதாவது சி.எஃப்.எஸ். கிடங்குக்குப் போகும். டெலிவரி ஆர்டர் கட்டணம், கிடங்குக் கட்டணம், கஸ்டம்ஸ் கிளியரிங் கூலி, வீடு வரை டெம்போ வாடகை எல்லாம் இங்கே நம் தலையில். இலவச நாட்கள் தாண்டினால் கிடங்கு வாடகை தினமும் ஏறும். பாஸ்போர்ட் நகல் வர இரண்டு நாள் தாமதமானாலும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு பெட்டிக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன். இந்த அளவுப் பெட்டி எட்டு சேர்ந்தால் 1 கன மீட்டரைத் தொடும். குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள் அதற்கு மேல் சாமான் வைத்திருந்தால், சென்னைக் கட்டணங்களையும் எழுத்தில் வாங்கி, டோர் டு டோர் ரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.