இலை தொங்கினால் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள்: ஆப்பிரிக்கன் வயலட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மூன்று ஆப்பிரிக்கன் வயலட் தொட்டிகள் வாங்கினேன். ஐந்து வாரத்தில் இரண்டு அழுகிப் போயின. மூன்றாவதில் நான்கு இலைகள்தான் தேறின. செடிகளைக் கொன்றது என் கைதான், மறுக்கவில்லை. ஆனால் விற்றவர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்துதான் கொன்றேன்.

அவர் சொன்னது இது: "தினம் காலையில் ஒரு கப் தண்ணீர் மேலே ஊற்றுங்க. சாயங்காலம் இலை நனையுற மாதிரி ஸ்பிரே அடிங்க. பூக்கிற செடி, தண்ணி தாராளமா கேட்கும்." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மற்ற செடிகளுக்கெல்லாம் அப்படித்தானே செய்கிறோம்.

இரண்டாவது வாரம் இலைகளில் வெளிறிய வளையங்கள் வந்தன. யாரோ ஈரக் கோப்பையை வைத்து எடுத்த மாதிரி, மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடுகள். படம் எடுத்து அனுப்பினேன். "பூஞ்சைங்க" என்று சொல்லி ஒரு மருந்து பாட்டிலைக் கொடுத்தார். அதையும் தண்ணீரில் கலந்து இலை மேல்தான் அடிக்க வேண்டுமாம். அடித்தேன்.

அது பூஞ்சையே இல்லை. இலையைவிடக் குளிர்ச்சியான தண்ணீர் மேலே பட்டால், மேல்தோலுக்குக் கீழே இருக்கும் செல்கள் சேதமாகிப் பச்சையம் போய்விடும். தண்ணீர் உருண்டோடிய தடம் அப்படியே கறையாக நின்றுவிடும். அந்தக் கறை மறையாது, பக்கத்து இலைக்குப் பரவவும் செய்யாது. மருந்தால் அதற்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. பரவுகிறதா இல்லையா என்று நான்கு நாள் பார்த்திருந்தால் அந்த பாட்டிலையே வாங்கியிருக்க மாட்டேன்.

கறை அழகைத்தான் கெடுத்தது. செடியைக் கொன்றது நடுவில் தேங்கிய தண்ணீர். இந்தச் செடியை ஒருமுறை மேலிருந்து உற்றுப் பாருங்கள். தண்டு வெளியே தெரியாது. எல்லா இலைக்காம்பும் ஒரே நடுப்புள்ளியிலிருந்து சுற்றிலும் விரிந்திருக்கும். ஊற்றுகிற தண்ணீர் காம்பு வழியாக வழிந்து, குருத்திலைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இலை முழுக்க வெல்வெட் மாதிரி ரோமம் வேறு, விழுந்த துளியை விடாது. காற்றுப் புகாத அந்த ஈரத்தில் அழுகல் கிருமி பிடிக்க அதிக நாள் ஆகாது.

மூன்றாவது வாரம் வெளிச்சுற்று இலைகள் துவண்டு தொட்டி விளிம்பில் சாய்ந்தன. மறுபடியும் கேட்டேன். "தண்ணி பத்தலைங்க, இன்னொரு கப் சேர்த்து ஊத்துங்க." என்னைப் பொறுத்தவரை இதுதான் மன்னிக்க முடியாத பதில். தாகத்திலும் இலை துவளும், வேர் அழுகினாலும் துவளும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். லேசாக இருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். கனமாக, மண் சில்லென்று ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் அழுகல். அப்போது தண்ணீர் சேர்ப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

நான் ஊற்றினேன். இரண்டு நாளில் ஒரு இலையைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. காம்பின் அடி பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. குருத்து கறுத்துவிட்டது. அப்போதுதான் பீங்கான் தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் தொட்டியை வெளியே எடுத்தேன். பீங்கானில் ஓட்டையே இல்லை. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நாறிப்போய் நின்றது. மண்ணும் இந்தச் செடிக்கு வேண்டிய பொலபொலப்பான கலவை இல்லை, களிமாதிரி கட்டியான தோட்டத்து மண். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பு நூலாக விரலில் ஒட்டின.

கடையில் போய்க் காட்டினேன். "சில பேருக்குக் கைராசி இருக்காதுங்க" என்றார். மாற்றித் தரவும் முடியாதாம்.

மூன்றாவது செடியில் குருத்து போய்விட்டது, ஆனால் நான்கு இலைகள் விறைப்பாக இருந்தன. காம்பை இரண்டு மூன்று செ.மீ. விட்டு, சுத்தமான பிளேடால் சாய்வாக வெட்டினேன். ஒன்றில் வெட்டு முகத்தில் பழுப்புப் புள்ளி தெரிந்தது. புள்ளி இல்லாத இடம் வரும்வரை இன்னும் மேலே வெட்டினேன். பெர்லைட், வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகள்களைக் கலந்து லேசாக நனைத்து, அதில் காம்பை மட்டும் செருகி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையால் மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்தேன். ஒன்று அழுகியது, அந்தப் புள்ளி இருந்ததுதான். மற்ற மூன்றின் அடியில் இரண்டு மாதம் கழித்து எலிக்காது அளவில் குட்டி இலைகள் வந்தன.

குட்டிகள் தனித்தொட்டிக்கு வந்ததிலிருந்து அடியிலிருந்துதான் தண்ணீர். தண்ணீரை முந்தின நாளே பிடித்து அறைக்குள் வைத்துவிடுவேன், குளிர்ச்சி போய்விடும். மேல்மண் காய்ந்து, தொட்டி லேசானதும், தட்டில் இரண்டு செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, ஓட்டையுள்ள தொட்டியை அதில் வைப்பேன். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மண் தண்ணீரை மேலே இழுக்கும். இருபது முப்பது நிமிடத்தில் மேல்மண்ணைத் தொட்டால் ஈரம் தெரியும். உடனே எடுத்து வடியவிட்டு, தட்டில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிட வேண்டும். ராத்திரி முழுக்க மறந்துபோய் விட்டால் பீங்கான் தொட்டிக் கதைதான் மறுபடியும். கிழமை வைத்து ஊற்றவும் கூடாது, தொட்டியின் எடைதான் கணக்கு.

ஒருமுறை ஒரு மணி நேரம் வைத்தும் மேல்மண் நனையவே இல்லை. கலவை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. இலையைத் தூக்கிப் பிடித்து, விளிம்போரமாக நாலைந்து ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டபின் இழுக்க ஆரம்பித்தது.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. தண்ணீர் மேலே ஏறி ஆவியாகும்போது அதிலிருக்கும் உப்பும் உரமும் மேல்மண்ணிலும் விளிம்பிலும் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவில் சாய்ந்திருக்கும் காம்பு, தொடுகிற இடத்திலேயே பழுப்பாகிக் கருகும். பார்த்தால் தண்ணீர் அழுகல் மாதிரியே இருக்கும், ஆனால் குருத்து நன்றாக இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை மேலிருந்துதான் ஊற்றுகிறேன். நீண்ட மூக்குள்ள குவளையால், இலைகளுக்குக் கீழே, மண்ணில் மட்டும், அடி ஓட்டை வழியாக நன்றாக ஓடும்வரை. அதாவது மேலே ஊற்றுவதே குற்றமில்லை, குருத்திலும் இலையிலும் ஊற்றுவதுதான் குற்றம். தப்பித் துளி விழுந்தால் டிஷ்யூ தாளின் முனையால் ஒற்றி எடுத்துவிடுவேன்.

வாங்கும்போது இலையை விலக்கிக் குருத்தைப் பாருங்கள், உள்தொட்டியைத் தூக்கி அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விற்பவரிடம், இலை தொங்கினால் என்ன செய்வது என்று கேளுங்கள். மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாமல் நேராகத் தண்ணீர் ஊற்றச் சொன்னால், செடியைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.