சம்பளம் நின்றதும் சாதாரணக் கணக்கு: என் பழைய சேலரி அக்கவுண்ட்டின் கதை

சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் 2016இல் சேர்ந்தபோது, முதல் நாளே ஒரு தனியார் வங்கியின் ஆள் வந்து எங்கள் எல்லோருக்கும் சேலரி அக்கவுண்ட் திறந்து கொடுத்துவிட்டுப் போனார். மினிமம் பேலன்ஸ் என்ற வார்த்தையே ஏழு வருடங்களுக்கும் மேலாக என் காதில் விழவில்லை. மாதக் கடைசியில் கணக்கில் நாற்பது ரூபாய் இருந்தாலும் யாரும் கேட்டதில்லை. டெபிட் கார்டுக்குக் கட்டணம் கிடையாது, ஏ.டி.எம்.மில் எத்தனை தடவை எடுத்தேன் என்று எண்ணியதும் கிடையாது. அந்த ஏழு வருடங்களுக்கு என்னிடம் ஒரு குறையும் இல்லை.

2023 டிசம்பர் 31 அன்று அந்த வேலையை விட்டேன். புதுக் கம்பெனிக்கு வேறு வங்கியோடு ஒப்பந்தம். அதனால் இன்னொரு சேலரி அக்கவுண்ட் வந்தது. பழையதை மூட மனம் வரவில்லை. பி.எஃப்., வருமான வரி ரீஃபண்ட், கேஸ் மானியம் எல்லாவற்றிலும் அந்த எண்தான் இருக்கிறது. சும்மாதானே கிடக்கப்போகிறது, கிடக்கட்டும் என்று 2,530 ரூபாயோடு விட்டுவிட்டேன்.

2024 ஜூன் 1 காலையில் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. 528 ரூபாய் 88 காசு பிடித்தமாம்.

கிளைக்குப் போய்க் கேட்டேன். "மூணு மாசம் சம்பளம் கிரெடிட் ஆகலைன்னா சிஸ்டமே நார்மல் சேவிங்ஸா மாத்திடும் மேடம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. ஆனால் பிப்ரவரியில் ஃபைனல் செட்டில்மென்ட் பணம் இதே கணக்குக்கு, அதே கம்பெனியிடமிருந்து வந்ததே என்றேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. மாதச் சம்பளம் வங்கியின் சம்பளப் பட்டியல் வழியாக, கம்பெனிக்கென்று இருக்கும் குறியீட்டோடு ஏறுகிறது. செட்டில்மென்ட் வந்தது சாதாரண நெஃப்ட்டில். அனுப்பியவர் பெயர் ஒன்றாக இருந்தாலும் சிஸ்டத்துக்கு அது சம்பளம் இல்லை. டிசம்பர் மாதச் சம்பளத்தையும் கம்பெனி நிறுத்தி வைத்து செட்டில்மென்ட்டில்தான் சேர்த்துக் கொடுத்தது. ஆக, வங்கியின் கணக்கில் எனக்குக் கடைசியாகச் சம்பளம் வந்தது நவம்பர் 30. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் காலி. மார்ச்சில் கணக்கு மாறிவிட்டது. புதுக் கம்பெனிச் சம்பளத்தை நானே மாதாமாதம் இங்கே மாற்றிவிட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

"நோட்டீஸ் அனுப்பினோமே மேடம்" என்றார் அடுத்து. அனுப்பியிருக்கிறார்கள்தான். எங்கே? ஏழு வருடங்களுக்கு முன் பதிவு செய்த ஆபீஸ் மெயில் ஐ.டி.க்கு. கடைசி வேலை நாள் மாலை ஆறு மணிக்கே அது பூட்டப்பட்டுவிட்டது. மொபைல் எண்ணை மட்டும் சரியாக வைத்திருந்து, மெயிலை மறந்த என் தவறும் இதில் உண்டு, மறுக்கவில்லை.

பிடித்தத்தின் கணக்கைக் கேட்டு வாங்கினேன். அந்த வங்கியில் நகரக் கிளைகளுக்கு மாதச் சராசரி இருப்பு 10,000 ரூபாய். மே மாதம் முழுக்க 2,530 இருந்ததால் குறைவு 7,470. அதில் 6 சதவீதம் 448.20, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 80.68. கூட்டினால் 528.88.

சரி, இனி பிடிக்க விடக் கூடாது என்று ஜூன் 21 காலையில் பத்தாயிரம் ரூபாய் போட்டேன். இருப்பு 12,000 ஆகிவிட்டது, பத்தாயிரத்துக்கு மேலேயே இருக்கிறது, இனி யார் கேட்பது? ஜூலையில் மறுபடி 330 ரூபாய் 40 காசு போனது.

அங்கேதான் சராசரி என்ற வார்த்தையின் வேலை தெரிந்தது. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கிறார்கள். ஜூன் முதல் 20 நாள் என் இருப்பு ஏறக்குறைய 2,000, ஆக 40,000. பிந்தைய 10 நாள் 12,000, ஆக 1,20,000. மொத்தம் 1,60,000. முப்பதால் வகுத்தால் 5,333தான். 4,667 குறைகிறது. 30 நாள் மாதத்தில் கூட்டுத்தொகை 3 லட்சம் வர வேண்டும். 21ஆம் தேதி விழித்துக்கொண்டவர் மீதிப் பத்து நாளில் 2,60,000 ஈட்ட வேண்டும், அதாவது நாளுக்கு 26,000 இருப்பு. நான் போட்டிருக்க வேண்டியது பத்தாயிரம் அல்ல, 24,000. இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு வழியும் தெரிகிறது. மூன்று லட்சம் கையில் இருப்பவர் அதை ஒரே ஓர் இரவு கணக்கில் வைத்து எடுத்தாலும் அந்த மாதக் கணக்கு தீர்ந்துவிடும். பணம் இருப்பவருக்குத்தான் இந்த விதி இலகு!

அதே ஜூலையில் டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் என்று 236 ரூபாயும் போனது. சேலரி அக்கவுண்ட்டோடு வந்த விபத்துக் காப்பீடும் போய்விட்டதாம். அது இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் போட்ட சுற்றறிக்கை ஒன்று உண்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும், அபராதம் குறைவுக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும், இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. அதைக் குறிப்பிட்டு, நோட்டீஸ் எனக்குக் கிடைக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போவதாகவும் ஒரு வரி சேர்த்தேன். பன்னிரண்டாம் நாள் முதல் பிடித்தத்தைத் திருப்பிப் போட்டார்கள்.

அப்புறம் இந்தக் கணக்கை என்ன செய்வது? மூடலாம், ஆனால் எண்ணை மாற்ற எத்தனை இடம் ஏறி இறங்குவது? என் அப்பா, "ஸ்டேட் பாங்குல மினிமம் பேலன்ஸே கிடையாது, அங்கேயே இருந்திருக்கலாம்ல" என்றார். உண்மைதான், 2020 மார்ச்சிலேயே அங்கே எடுத்துவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது இதே எண். அதனால் அடிப்படை சேமிப்புக் கணக்காக, அதாவது பி.எஸ்.பி.டி. கணக்காக மாற்றித் தரச் சொன்னேன். எல்லா வங்கியும் தர வேண்டிய கணக்கு அது, குறைந்தபட்ச இருப்பு கிடையாது. கிளையில் முதலில் "அது ஜன்தன்காரங்களுக்குத்தான் மேடம்" என்றார்கள். அப்படி இல்லை, யாரும் கேட்கலாம். எழுத்தில் கேட்டதும் படிவம் தந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான் முக்கியம்: அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. எனக்கு இல்லை.

மாறிய பிறகு கணக்கு எண் அப்படியே இருக்கிறது. பளபளப்பான பழைய கார்டு போய் சாதா ரூபே கார்டு வந்தது. மாதம் நான்கு தடவைதான் இலவசமாகப் பணம் எடுக்கலாம். தினமும் கணக்கைப் புழங்குகிறவருக்கு இது சரிப்படாது. ரீஃபண்டும் மானியமும் வந்து விழுவதற்கு மட்டும் என்றால் ஏராளம். அதன் பிறகு ஒரு காசு பிடித்ததில்லை.

ஜூன் மாத அபராதத்தை மட்டும் இன்னும் தரவில்லை. அதற்குள் உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதே மேடம் என்கிறார்கள். 330 ரூபாய் 40 காசுக்காக ஆம்புட்ஸ்மேன் வரை போகச் சோம்பலாக இருக்கிறது. புதுக் கம்பெனியின் சேலரி அக்கவுண்ட்டில் மட்டும் சொந்த மெயில் ஐ.டி.யைப் போட்டு வைத்துவிட்டேன்.